"ஓனருக்குத் தெரியும்" என்பது ஒப்புதல் ஆகாது

சென்ற ஒரே மாதத்தில் உள்வாடகைத் தகராறு என்று மூன்று பேர் என் அலுவலகத்திற்கு வந்தனர். ஒருவர் வீட்டு உரிமையாளர், ஒருவர் வாடகைதாரர், மூன்றாமவர் வேறொரு வாடகைதாரரிடமிருந்து ஓர் அறையைப் பெற்றுக் குடியேறிய இளைஞர். மூன்றும் வெவ்வேறு வீடுகள். ஆனாலும் மூவர் வாயிலிருந்தும் ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான் வந்தது: "ஓனருக்குத் தெரியும் சார்", "எனக்குத் தெரிந்துதான் இருந்தது சார்", "ஓனருக்குத் தெரியும் என்று சொன்னார் சார்". இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவற்றுள் ஒன்றைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தென்சென்னையில் ஒரு மாடி வீடு, இரண்டு படுக்கையறைகள். மாத வாடகை 16,000 ரூபாய், அட்வான்ஸ் 1,60,000. வாடகைதாரர் தனி ஆள் என்பதால், செலவைக் குறைக்க ஓர் அறையை 9,000 ரூபாய்க்கு ஓர் இளைஞருக்கு விட்டார். அவரிடம் 50,000 அட்வான்ஸும் வாங்கிக்கொண்டார். சில மாதங்களில் வேலை பெங்களூருக்கு மாறியபோது வீட்டைக் காலி செய்வதற்குப் பதிலாகத் தம்முடைய அறையையும் அந்த இளைஞரின் நண்பருக்கு அதே தொகைக்கு விட்டுவிட்டுச் சென்றார். மாதம் 18,000 அவர் கைக்கு வந்தது. உரிமையாளருக்கு 16,000 போனது. கீழ் வீட்டில் வசித்த உரிமையாளர் படியேறிச் செல்லும் புதிய முகங்களைப் பார்த்தார். "தம்பிகளா, நல்லா இருக்கீங்களா" என்று விசாரிக்கவும் செய்தார். வாடகை ஒழுங்காக வந்ததால் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜூன் மாதம் வாடகை நின்றது. செப்டம்பர் வரை நான்கு மாதப் பாக்கி, 64,000 ரூபாய். பெங்களூர்க்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. இளைஞர்கள் இருவரும் மாதம் தவறாமல் அவருக்கு ஜிபேயில் பணம் அனுப்பியதைக் காட்டினர். இனி வாடகையைத் தம்மிடமே தரும்படி உரிமையாளர் சொல்ல, அக்டோபருக்கும் நவம்பருக்கும் அவர்கள் நேராக அவருக்கே அனுப்பினர். டிசம்பரில் பேச்சு முற்றியது. உரிமையாளர் மாடியின் ஃபியூஸைப் பிடுங்கினார், இளைஞர்கள் காவல் நிலையத்திற்குச் சென்றனர், அதன் பிறகு உரிமையாளர் என்னிடம் வந்தார். எல்லாம் சிக்கிக்கொண்ட பிறகு வழக்கறிஞரைத் தேடுவதுதான் நம் ஊர் வழக்கம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பாக்கியைக் கழித்தால் உரிமையாளர் கையில் 96,000 ரூபாய் அட்வான்ஸ் மிச்சம். அது தமக்கு வர வேண்டிய தொகை என்கிறார் பெங்களூர்க்காரர். "நாங்கள் கொடுத்த ஒரு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் காலி செய்வோம்" என்கின்றனர் இளைஞர்கள். ஆனால் அந்த ஒரு லட்சத்தில் ஒரு ரூபாயைக்கூட உரிமையாளர் வாங்கவில்லை. இளைஞர்களுக்கும் உரிமையாளருக்கும் இடையில் எந்த ஒப்பந்தமும் இல்லாததால் அவர்கள் தங்கள் அட்வான்ஸைப் பெங்களூர்க்காரரிடம்தான் கேட்க முடியும். அவர் கொடுக்க மறுத்தால் உரிமையியல் வழக்குப் போட வேண்டும். 50,000 ரூபாய்க்காக வேறு மாநிலத்தில் இருப்பவர் மீது வழக்கு நடத்த எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

இனி அந்த வாக்கியத்திற்கு வருகிறேன். தமிழ்நாட்டில் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளரின் எழுத்து மூலமான முன் ஒப்புதல் இல்லாமல் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விடக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அதில் இரண்டு சொற்கள் முக்கியமானவை: "எழுத்து", "முன்". தெரிந்திருப்பது ஒப்புதல் இல்லை. பார்த்துச் சிரித்ததும், பேசாமல் இருந்ததும், தீபாவளிக்கு இனிப்புக் கொடுத்ததும் ஒப்புதல் இல்லை. ஆள் குடியேறி ஆறு மாதம் ஆன பிறகு "சரி, இருக்கட்டும்" என்று வாய்மொழியாகச் சொன்னதும் சட்டம் கேட்கும் ஒப்புதல் இல்லை. ஒப்பந்தத்தில் உள்வாடகையைப் பற்றி ஒரு வரியும் இல்லையே, தடை இல்லாவிட்டால் விடலாம்தானே என்று சற்றே விவரம் தெரிந்தவர்கள் வாதிடுவதுண்டு. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் பொது விதி அப்படித்தான் இருக்கிறது; ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் வீட்டுக்கு அந்த வாதம் உதவாது. இங்கே தடைதான் விதி, ஒப்புதல்தான் விலக்கு.

ஒப்புதலின்றி வீட்டின் ஒரு பகுதியைப் பிறர் வசம் விட்டது ஒன்றே வாடகைதாரரை வெளியேற்றப் போதுமான காரணம். வாடகையை ஒரு நாள்கூடத் தாமதிக்காதவரும் இதில் வீட்டை இழக்கலாம். அவருக்கு எதிராக வரும் உத்தரவில் உள்வாடகைக்கு வந்தவரும் சேர்ந்தே வெளியேற நேரும்.

அப்படியானால் ஊரிலிருந்து வந்த தம்பியோ, அறையையும் செலவையும் பகிர்ந்துகொள்ளும் நண்பனோ உள்வாடகைதாரர் ஆகிவிடுவாரா? ஆக மாட்டார். வாடகைதாரர் அந்த வீட்டில் தொடர்ந்து குடியிருந்து, அதன் கட்டுப்பாட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, இன்னொருவரை உடன் தங்க வைத்தால் அது பொதுவாக உள்வாடகை ஆகாது. ஒரு பகுதியையாவது தாம் நுழைய உரிமையில்லாதபடி பிறர் வசம் ஒப்படைத்து அதற்குப் பணமும் பெற்றால்தான் அது உள்வாடகை. நான் முதலில் கேட்பது பூட்டைப் பற்றித்தான்: அந்த அறைக்குத் தனிப் பூட்டு உண்டா, சாவி யாரிடம் இருக்கிறது? நம் இளைஞரின் அறைக்கதவில் அவரே வாங்கி மாட்டிய பூட்டு தொங்கியது. அதன் மாற்றுச் சாவி வாடகைதாரரிடம் இல்லை. போதாக்குறைக்கு மாதாமாதம் "ரூம் ரெண்ட்" என்ற குறிப்புடன் ஜிபேயில் பணம் போயிருந்தது. பல வழக்குகளில் பணம் கைமாறியதற்குச் சான்றே இருக்காது, சூழ்நிலையிலிருந்து ஊகித்துத்தான் வாதாட வேண்டியிருக்கும். இங்கே அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள்.

உரிமையாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் சொல்ல இருக்கிறது. மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் அந்தச் செயலால் நீங்கள்தான் எதிர்மனுதாரராக நிற்பீர்கள். உள்வாடகைக்கு வந்தவரிடம் நேரடியாக வாடகை வாங்காதீர்கள். அந்த இரண்டு மாதப் பணத்தை வைத்தே இளைஞர்கள் இன்று தாங்கள்தான் வாடகைதாரர்கள் என்கிறார்கள். பெங்களூர்க்காரரோ அக்டோபர் முதல் தமக்கும் வீட்டுக்கும் தொடர்பே இல்லை என்கிறார். நேராக முடிந்திருக்க வேண்டிய மனு இதனால் மூன்று முனையில் இழுபடுகிறது. புதிய முகத்தைப் பார்த்த வாரத்திலேயே வாடகைதாரருக்கு எழுத்தில் கடிதம் அனுப்பிப் பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அவர் அசையவில்லை என்றால் வாடகை நீதிமன்றம் இருக்கிறது, ஃபியூஸ் கட்டை வேண்டாம்.

வாடகைதாரர்களே, கேட்டால் மறுத்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் கேட்காமல் விடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து கேளுங்கள். வருகிறவரின் பெயர், அடையாளச் சான்று, எந்த அறை, எந்தத் தேதி வரை, எவ்வளவு தொகை என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, ஆள் பெட்டியுடன் வந்து இறங்கும் முன்பே உரிமையாளரின் கையெழுத்தைப் பெறுங்கள். வாட்ஸப்பில் வந்த கட்டைவிரல் படத்தை நம்பி நீதிமன்றப் படியேற நான் தயாராக இல்லை.

அறை தேடும் பிள்ளைகளிடம் ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூல ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். உரிமையாளரின் கையெழுத்துள்ள ஒப்புதலையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த அறை வேண்டாம். நம் இளைஞர்களில் ஒருவர் ஜனவரியில் பெங்களூருக்கே போய்ப் பார்த்தார். கையில் இருந்த முகவரியில் வேறொருவர் குடியிருந்தார், அவரும் உள்வாடகைக்குத்தான்.