மொத்தம் சரி, வரிகள் பிழை: கடன்பாடுகள் குறிப்பை வங்கிக் கடிதத்தோடு ஒப்பிடுதல்

ஐந்தொகையில் "கடன்பாடுகள்" என்று ஒரே ஒரு தொகைதான் இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைக் குறிப்புத்தான் சொல்லும். வங்கி தரும் மீதி உறுதிப்படுத்தல் கடிதத்தையும் குறிப்பையும் பக்கத்தில் வைத்து, கடைசி மொத்தத்துக்கு ஒரு சரி அடையாளம் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவது கணக்காய்வில் பலருடைய பழக்கம். அங்கேதான் தவறுகிறது.

யாழ்ப்பாணத்தில் ஐஸ் தொழிற்சாலை நடத்தும் ஒரு தனியார் கம்பனியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கணக்காண்டு 2025 மார்ச் 31இல் முடிகிறது. குளிர் அறை கட்ட எடுத்த தவணைக்கடன் 24,000,000 ரூபா. 60 மாதத் தவணைகள், ஒவ்வொரு மாதக் கடைசி நாளிலும் கடன் முதலில் 400,000 ரூபாவும் அந்த மாத வட்டியும். முதல் தவணை 2023 மே 31. வட்டி ஆண்டுக்கு 14.25 வீதம். அதே வங்கியில் 2,500,000 ரூபா எல்லை கொண்ட மேலதிகப்பற்றும் உண்டு.

குறிப்பில் தவணைக்கடன் 14,800,000, மேலதிகப்பற்று 2,933,962, மொத்தம் 17,733,962 ரூபா. வங்கிக் கடிதத்தில் தவணைக்கடன் சேர்ந்த வட்டியுடன் 15,383,962, மேலதிகப்பற்று 2,350,000. மொத்தம் அதே 17,733,962. ஒரு சதம்கூடப் பிசகவில்லை. ஆனால் இரண்டு வரிகளும் 583,962 ரூபாவால் எதிரெதிர்த் திசையில் விலகி நிற்கின்றன.

இந்த 583,962 எங்கிருந்து வந்தது? 2025 மார்ச் வரை 23 தவணைகள் கட்ட வேண்டும். இருபத்திரண்டு கட்டியிருந்தால் மீதி 15,200,000. அதற்கு மார்ச் மாத 31 நாள் வட்டி 183,962. முதல் 400,000ஐயும் சேர்த்தால் அதே 583,962. அதாவது மார்ச் தவணையைக் கம்பனி தன் பேரேட்டில் கட்டியதாக எழுதிவிட்டது, வங்கி எடுக்கவில்லை. நிலையியற் கட்டளை இருப்பதால், கணக்காளர் மாதா மாதம் வழக்கமான பதிவையே போட்டு வந்திருக்கிறார்.

உண்மையில், வங்கிக் கடிதம் வருவதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். எல்லை 2,500,000 ரூபா இருக்கும்போது பேரேடு 2,933,962 காட்டுகிறது. வங்கி அனுமதிக்காத ஒரு தொகையைக் கம்பனி எப்படி எடுத்திருக்கும்? அனுமதிக் கடிதத்தில் இருக்கும் எல்லையோடு மேலதிகப்பற்று மீதியை ஒப்பிடுவது ஒரு நிமிட வேலை.

"மார்ச் 31 ரமழான் விடுமுறை, அதனால் வங்கி அடுத்த நாள் எடுத்திருக்கும்" என்று பதில் வரலாம். அந்த நாள் விடுமுறை என்பது உண்மைதான். இந்தப் பதிலைச் சோதிக்க ஏப்ரல் மாத வங்கிக் கூற்று வேண்டும். விடுமுறை மட்டுமே காரணம் என்றால் ஏப்ரல் 1இல் பணம் கழிந்திருக்கும். இந்தக் கம்பனியில் ஏப்ரல் 3இல் பெரிய வைப்பு ஒன்று விழுகிறது, ஏப்ரல் 4இல்தான் தவணை கழிகிறது. எல்லைக்குள் மிச்சமிருந்த இடம் 150,000 ரூபா மட்டும். ஆகவே காரணம் விடுமுறை அல்ல, கணக்கில் பணம் இல்லாததே. ஆண்டிறுதிக் கூற்றை மட்டும் வாங்கிவிட்டு அடுத்த மாதத்ததைக் கேட்காமல் விடுவதால் இதுபோன்றவை தப்பிவிடுகின்றன.

திருத்தப் பதிவு எளிது. தவணைக்கடனை 15,200,000 என்றும், அட்டுறு வட்டியை 183,962 என்றும், மேலதிகப்பற்றை 2,350,000 என்றும் மாற்ற வேண்டும். வங்கிக் கடிதம் வட்டியையும் கடனோடு சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வதால், முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துத் தரும்படி கேட்பது நல்லது. இல்லையேல் வட்டி கடன் மீதியில் ஒரு தடவை, அட்டுறு செலவில் இன்னொரு தடவை என இரண்டு முறை ஏறிவிடும்.

அடுத்து, 12 மாதத்துக்குள் தீர்க்க வேண்டிய நடைமுறைப் பொறுப்பு எது என்ற கேள்வி. வரும் 12 மாதத் தவணைகள் 4,800,000. கட்டாத மார்ச் முதலையும் சேர்த்தால் 5,200,000. மீதி 10,000,000 நடைமுறையல்லாப் பொறுப்பு. ஆனால் இப்படிப் பிரிக்கலாமா என்பதை எண்கணிதம் தீர்மானிக்காது, கடன் உடன்படிக்கையே தீர்மானிக்கும். அதில் இரண்டு வாசகங்களைத் தேட வேண்டும். தவணை நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்கு நகருமா என்பது ஒன்று. தவறினால் முழுக் கடனையும் உடனே கேட்கும் உரிமை வங்கிக்கு எப்போது வருகிறது, அதற்குச் சலுகை நாட்கள் உண்டா என்பது மற்றொன்று.

விடுமுறைக்காக நாள் நகரும் என்றால், மார்ச் 31இல் தவணை தவறவே இல்லை. தவறியது ஆண்டு முடிந்த பின்னர், அதனால் பிரிப்பு மாறாது. நாள் நகராது, சலுகை நாளும் இல்லை, தவறிய அன்றே முழுவதையும் கேட்கலாம் என்று எழுதியிருந்தால், இலங்கைக் கணக்கீட்டு நியமம் LKAS 1இன்படி 15,200,000 முழுவதும் நடைமுறைப் பொறுப்பாகும். "கேட்க மாட்டோம்" என்று வங்கி ஏப்ரலில் தந்த கடிதம் இதைக் காப்பாற்றாது. ஆண்டு முடிவுக்கு முன்னரே, குறைந்தது 12 மாத அவகாசத்தோடு அது கிடைத்திருக்க வேண்டும். பத்து மில்லியன் ரூபா ஒரு வாசகத்தால் இடம் மாறுவது நடைமுறை விகிதத்தையே கவிழ்த்துவிடும். இருந்தும் உடன்படிக்கையைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. கோப்பில் பெரும்பாலும் முதற்பக்கப் பிரதி மட்டுமே இருக்கும்.

கடிதம் வரும் வழியும் முக்கியம். கோரிக்கையில் கம்பனியின் ஒப்பமிடும் அதிகாரிகள் கையெழுத்திட வேண்டும். அதைக் கணக்காய்வாளரே அனுப்பி, பதிலை நேரே தன் முகவரிக்குப் பெற வேண்டும். கம்பனிக் காசாளர் கிளைக்குப் போய் வாங்கி வந்து நீட்டும் கடிதம் அதே தாளில் இருந்தாலும் அதே சான்று அல்ல. திகதியையும் பார்க்க வேண்டும்: மே 12இல் கடிதம் தயாரிக்கும் உத்தியோகத்தர் அன்றைய மீதியைப் போட்டுவிடுவது உண்டு. அப்படியானால் ஒப்பிட எதுவும் இல்லை, திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

லீசிங்கில் வித்தியாசம் வேறு விதம். லீசிங் கம்பனி தரும் கடிதத்தில் மீதி வாடகைத் தவணைகளின் மொத்தம் இருக்கலாம், குறிப்பில் எதிர்கால வட்டி கழிந்த தொகை இருக்கும். லொறிக்கு வித்தியாசம் வந்தால் முதலில் இதைப் பார்க்கலாம்.

குறிப்பில் இருக்கும் கடன்களுக்கு மட்டுமே கடிதம் அனுப்பினால், குறிப்பில் இல்லாத கடன் ஒருபோதும் தெரியவராது. ஆண்டுக்குள் கணக்கு இருந்த எல்லா வங்கிகளுக்கும், மீதி பூச்சியமான, மூடிய கணக்குகளுக்கும்கூட அனுப்ப வேண்டும். கடன் தகவல் பணியகம் தரும் கிரிப் அறிக்கையைக் கம்பனியே பெற்றுத் தரலாம். அதிலுள்ள ஒவ்வொரு வசதிக்கும் குறிப்பில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தால், இன்னொரு வங்கியில் எடுத்த சிறு கடன் அகப்படும். பணிப்பாளர் தன் நகையை அடகு வைத்துக் கம்பனிக்குள் போட்ட பணம் இந்த அறிக்கையில் வராது. அடகுக் கடன் அவருடையது. கம்பனி கடன்பட்டிருப்பது அவருக்கு. ஆகவே அந்த மீதியை அவரிடமே எழுத்தில் உறுதிப்படுத்தி, தொடர்புடைய தரப்புக் கடன் என்று தனி வரியில் காட்ட வேண்டும்.