இணையத் துணிக்கடையின் ரிட்டர்ன், ரீஃபண்ட் விதி: சட்டம் கேட்பதும் கடை தீர்மானிப்பதும்

சொந்தமாக வலைத்தளம் வைத்துத் துணி விற்கும் சிறிய கடைகள் பலவற்றில் "ரிட்டர்ன் கிடையாது, எக்ஸ்சேஞ்ச் மட்டும்" என்றோ, "ஓபனிங் வீடியோ இல்லாவிட்டால் புகார் ஏற்கப்படாது" என்றோ ஒரு வரி இருக்கும். அதை எழுதியவர்கள் பெரும்பாலும் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர். ஒரு விசேஷத்துக்கு உடுத்திய சேலையை மடித்துத் திருப்பி அனுப்பிய வாடிக்கையாளரால் ஒருமுறை நட்டமடைந்தவர்கள். ஆனால் அந்த வரி அவர்களைக் காப்பாற்றுவதில்லை. பழுதான துணி விஷயத்தில் நுகர்வோர் ஆணையத்தின் முன் அது நிற்காது என்பதோடு, சட்டம் கடைக்கு உண்மையிலேயே கொடுத்திருக்கும் பாதுகாப்பைப் பயன்படுத்திக்கொள்ளவும் அது தவறிவிடுகிறது.

இந்தியாவில் இதற்குப் பொருந்துபவை இரண்டு: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதன்கீழ் 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகள். கடை சிறியது என்பதால் விலக்கு எதுவும் இல்லை. பழைய துணியை எப்போதாவது ஒருமுறை தனிப்பட்ட முறையில் விற்பவருக்குத்தான் மின்வணிக விதிகள் பொருந்தா. தொடர்ந்து தொழிலாகச் செய்பவர் வீட்டின் ஓர் அறையிலிருந்து விற்றாலும் அவற்றுக்கு உட்பட்டவரே. தன் சரக்கைத் தன் வலைத்தளத்தில் விற்கும் கடையை விதிகள் 'இன்வென்டரி மின்வணிக நிறுவனம்' என்கின்றன. பெரிய சந்தைத் தளம் ஒன்றில் கடை விரித்திருப்பவர் அங்கே 'விற்பனையாளர்' ஆகிறார். பொருளைத் திருப்பி எடுக்கும் கடமை இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சொற்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் கடமையைச் சொல்வது 7ஆம் விதியின் 4ஆம் உட்பிரிவு. பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தால், விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டால், அல்லது சொன்ன நாளுக்குள் வந்து சேராவிட்டால், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கடை மறுக்கக் கூடாது. தாமதத்துக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: மழை வெள்ளம் போல யார் கைக்கும் மீறிய காரணத்தால் தாமதம் நேர்ந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. இந்தக் காரணங்களில் ஒன்று இருக்கும்போது "எக்ஸ்சேஞ்ச் மட்டும்" என்ற வரிக்கு மதிப்பில்லை. கூப்பன் தருகிறோம் என்று வாங்கியவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது, ஏனெனில் சட்டம் பேசுவது அவர் கொடுத்த பணத்தைப் பற்றி.

மறுபக்கம், "நிறம் பிடிக்கவில்லை", "அக்காவுக்கு வாங்கினேன், அவர் வேண்டாம் என்கிறார்" போன்ற மனமாற்றக் காரணங்களுக்காகத் துணியைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அதை ஏற்பதா, எத்தனை நாளுக்குள் ஏற்பது, கூரியர் செலவு யாருடையது, பணமாகத் தருவதா மாற்றுத் துணியாகத் தருவதா என்பதெல்லாம் கடையின் விருப்பம். ஆனால் அந்த விருப்பத்தை வாங்குவதற்கு முன்பே தெளிவாகக் காட்டியிருக்க வேண்டும். ரிட்டர்ன், ரீஃபண்ட், எக்ஸ்சேஞ்ச் விவரங்களையும் திருப்பி அனுப்பும் செலவையும் வலைத்தளத்தில் துல்லியமாகத் தெரிவிக்க வேண்டும் என்று அதே 7ஆம் விதி கேட்கிறது.

ஆகவே கடை எழுதும் விதி, சட்டக் கடமை, மனமாற்றம் என்ற இந்த இரண்டையும் பிரித்தே எழுதப்பட வேண்டும். இரண்டையும் ஒரே பத்தியில் கலப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. "ஆஃபர் விலையில் வாங்கிய துணி திருப்பி எடுக்கப்படாது" என்று பொதுவாக எழுதினால், கிழிந்து வந்த ஆஃபர் துணியையும் அது மறுக்கிறது. அத்தனை பரந்த வரி சட்டத்துக்கு முரணாகிறது. அதையே மனமாற்றப் பகுதிக்குள் எழுதினால் அது முற்றிலும் செல்லும். உள்ளாடை, அளவெடுத்துத் தைத்த பிளவுஸ் போன்றவற்றுக்கான விலக்கும் அந்தப் பகுதியில்தான் இருக்க வேண்டும்.

ஈரோட்டில் காட்டன் குர்த்தி விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். அது இப்படி எழுதலாம்: "துணி பழுதாக இருந்தாலோ, நீங்கள் கேட்டதற்கு மாறாக வேறு துணி வந்தாலோ, எங்கள் பக்கத்தில் காட்டிய விவரத்துக்கு மாறாக இருந்தாலோ, கையில் கிடைத்த 7 நாட்களுக்குள் தெரிவியுங்கள். முதல் சலவையில் மட்டுமே தெரியவரும் சாயம் போதல், சுருங்குதல் ஆகியவற்றுக்கு 30 நாட்கள். இரு வழிக் கூரியர் செலவும் எங்களுடையது. நீங்கள் செலுத்திய முழுத் தொகையும், அனுப்பும் கட்டணம் உட்பட, திருப்பித் தரப்படும். நீங்கள் விரும்பினால் மட்டும் மாற்றுத் துணி அனுப்புவோம்." அடுத்து, தனித் தலைப்பின்கீழ்: "துணியில் குறை எதுவும் இல்லாமல் உங்களுக்கு வேண்டாம் என்று தோன்றினால், கையில் கிடைத்த 5 நாட்களுக்குள் தெரிவியுங்கள். துணி உடுத்தாமல், துவைக்காமல், டேக் அகற்றாமல் இருக்க வேண்டும். திருப்பி எடுக்கும் கூரியர் செலவு 80 ரூபாய் கழித்துக்கொள்ளப்படும். முதலில் அனுப்பிய கட்டணம் திரும்பக் கிடைக்காது."

இதே கடையில் ஒருவர் 899 ரூபாய்க் குர்த்தியை 60 ரூபாய் அனுப்பும் கட்டணத்தோடு 959 ரூபாய் கொடுத்து வாங்குகிறார். தோள் தையல் பிரிந்து வந்தால் அவருக்கு 959 ரூபாயும் திரும்ப வேண்டும். அவரே கூரியரில் போட்டு 80 ரூபாய் கட்டியிருந்தால் அதையும் சேர்த்து 1,039 ரூபாய். துணி நன்றாக இருந்து அவருக்குப் பிடிக்காமல் போனால் 899இல் 80 போக 819 ரூபாய். இந்தக் கணக்கை எடுத்துக்காட்டாக விதியிலேயே போட்டுவிடுங்கள். கூரியர் செலவைக் குறித்த சச்சரவு பெருமளவு அங்கேயே முடிந்துவிடும்.

இனி, இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் விழும் வழக்கு. "சைஸ் சேரவில்லை" என்பது பழுதா, மனமாற்றமா? விடை கடையின் அளவு அட்டவணையில் இருக்கிறது. எல் சைஸின் மார்பளவு 40 அங்குலம் என்று அட்டவணை சொல்ல, வந்த குர்த்தியை மேசையில் சுருக்கமின்றி விரித்து ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்தால் 19 அங்குலம்தான் இருக்கிறது என்றால், சுற்றளவு 38. அது விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருள். முழுத் தொகையும் திரும்ப வேண்டும். 20 அங்குலம் இருந்தால் துணி சொன்னபடியே இருக்கிறது. அது மனமாற்றப் பகுதிக்குப் போகும். பல சிறிய கடைகள் வேறொரு கடையின் அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கின்றன. அப்போது துணி சரியாகத் தைக்கப்பட்டிருந்தும், சொன்ன அளவுக்கு மாறாக வந்துவிடுகிறது. ஒவ்வொரு லாட் வந்ததும் சைஸுக்கு இரண்டு துணிகளை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை எழுதுங்கள், "இது துணியின் அளவு, உடலின் அளவு அல்ல, தையலில் அரை அங்குலம் கூடவோ குறையவோ இருக்கலாம்" என்றும் சேருங்கள். நிறத்துக்கும் இதே நியாயம்தான்: திரைக்குத் திரை சாயல் சற்று மாறும் என்று எழுதலாம், ஆனால் மெரூன் என்று விற்று ரத்தச் சிவப்பு அனுப்பியதை அந்த வரி மூடிவிடாது.

ஓபனிங் வீடியோவுக்கு வருவோம். வீடியோ கேட்பதில் தவறில்லை. உள்ளே வேறு துணி இருந்ததா, ஒன்று குறைந்ததா என்பதற்கு அது நல்ல ஆதாரம். ஆனால் வீடியோ இல்லை என்பதற்காகவே பழுதான துணியை மறுக்கலாம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பார்சலைப் பிரித்த அம்மாவுக்கு வீடியோ எடுக்கத் தெரியாது என்பது அவருடைய உரிமையைப் பறிக்கும் காரணமாகாது. "பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைத்தால் உங்கள் புகாரை விரைவாக முடிக்க உதவும், இல்லாவிட்டால் குறை தெரியும் புகைப்படங்களை அனுப்புங்கள்" என்று எழுதுவதே முறை. கடை தன் பக்கத்துக்கு ஆதாரம் வேண்டுமென்றால், அனுப்பும் முன் துணியை இருபுறமும் படம் எடுத்து, பார்சலின் எடையை ஆர்டர் எண்ணோடு குறித்து வைக்கட்டும்.

நாள் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கடைக்காரர்களில் பலர் இதை அறிந்திருப்பதில்லை. பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சொல்லும் சட்டத்தின் 2(47) பிரிவு, அதற்கான காலத்தைப் பில்லில் அல்லது ரசீதில் தேடுகிறது. அங்கே காலம் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்கள் என்று அதுவே வைத்துவிடுகிறது. வலைத்தளத்தில் 7 நாட்கள் என்று எழுதிவிட்டுப் பார்சலுக்குள் வைக்கும் பில்லில் ஒன்றும் எழுதாத கடை, 30 நாட்கள் என்ற வாதத்துக்குத் தானே இடம் கொடுக்கிறது. பில்லின் அடியில் இரண்டு வரியில் நாட்களையும் தொடர்பு எண்ணையும் அச்சிட்டுவிடுங்கள். அதற்காக 24 மணி நேரம் என்று வைப்பதும் சரியில்லை. வேலைக்குப் போகிறவர் பார்சலைப் பிரிக்கவே ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

பணம் திரும்பும் வழியையும் காலத்தையும் எழுத வேண்டும். விதிகள் "நியாயமான காலத்துக்குள்" என்றே சொல்வதால் எண்ணைக் கடைதான் தர வேண்டும்: "துணி எங்களிடம் வந்த 2 வேலை நாட்களில் சரிபார்த்து, பணம் செலுத்திய அதே வழியில் திருப்பி அனுப்புவோம், வங்கிக் கணக்கில் சேர மேலும் சில வேலை நாட்கள் ஆகலாம்." கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கியவருக்குத் திரும்பிப் போகும் வழி கிடையாது, அவரிடம் யுபிஐ ஐடியோ வங்கிக் கணக்கு விவரமோ கேட்டுப் பெறுவோம் என்பதையும், ஓடிபி ஒருபோதும் கேட்க மாட்டோம் என்பதையும் சேருங்கள். ரீஃபண்ட் என்ற பெயரில் ஓடிபி கேட்டு ஏமாற்றும் அழைப்புகள் வருவதால் இந்த ஒரு வரி வாடிக்கையாளருக்கு உண்மையிலேயே உதவும்.

தாமதம் தீபாவளிக்கு முந்திய வாரங்களில்தான் பிரச்சினையாகிறது. "3 முதல் 5 நாட்களில் கிடைக்கும்" என்று பக்கத்தில் இருக்க, ஆர்டர் செய்த ஒன்பதாம் நாள், பண்டிகை முடிந்த பிறகு துணி வந்தால், அதில் குறை எதுவும் இல்லாவிட்டாலும் வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பண்டிகைக் கூட்டத்தால் கூரியர் தாமதமானது என்பதைக் கைமீறிய காரணமாக நம்பி இருக்க வேண்டாம். அந்த மாதத்துக்கு நாட்களைக் கூட்டி எழுதுவதும், எந்தத் தேதிக்குப் பிறகு வரும் ஆர்டர் தீபாவளிக்குச் சேராது என்று சொல்வதும்தான் வழி.

புகார் கேட்பவர் யார் என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண், குறைதீர் அலுவலரின் பெயர், பதவி, தொடர்பு விவரம் ஆகியவற்றை விதிகள் கேட்கின்றன. ஒருவரே நடத்தும் கடையில் உரிமையாளர் தம்மையே குறைதீர் அலுவலராகக் காட்டலாம். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று பதில் போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். தீராவிட்டால் வாங்கியவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், அல்லது தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். "வழக்குகள் ஈரோடு நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டவை" என்ற வழக்கமான வரி இருந்தாலும், நாகர்கோவிலில் இருப்பவர் அங்கேயே முறையிடும் உரிமையைச் சட்டம் தருகிறது. 899 ரூபாய்க் குர்த்திக்காகக் கடைதான் அங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எழுதி முடித்த விதியின் தலையில் அது நடைமுறைக்கு வந்த தேதியைப் போடுங்கள். பின்னால் மாற்றினால், மாற்றத்துக்கு முன் வந்த ஆர்டர்களுக்குப் பழைய விதியே பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்து, பழைய பிரதியையும் கோப்பில் வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு புகார் வரும்போது, வாங்கிய அன்று பக்கத்தில் என்ன இருந்தது என்பதைக் காட்ட அந்தப் பிரதிதான் கையில் இருக்கும்.