பத்துக் கோடி வரிசைகளில் மாறிப்போன ஒன்றைக் கண்டுபிடிப்பது

“ஒரே டேபிள் இரண்டு சர்வர்களில் இருக்கிறது. பத்துக் கோடி வரிசைகள். இரண்டும் ஒன்றுதானா என்று அத்தனையையும் இறக்கிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பலர் இரு பக்கமும் `COUNT(*)` போட்டு, எண்ணிக்கை பொருந்தினால் நிம்மதியாகிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது மூடநம்பிக்கை. வரிசைக்குள் ஒரு தொகை மாறியிருந்தாலும் எண்ணிக்கை மாறாது.

ஹாஷ் என்றால் என்ன என்பது தெரிந்ததுதான்: எவ்வளவு நீளமான எழுத்துத்தொடரைக் கொடுத்தாலும் நிலையான நீளமுள்ள ஓர் எண் வரும், ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வரிசைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஓர் எண் கணக்கிட்டு, அந்த எண்களை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘முதல் பத்து லட்சம் வரிசைகள், அடுத்த பத்து லட்சம்’ என்று எண்ணிப் பிரித்தால், ஒரு பக்கம் ஐந்தாவது வரிசை காணாமல் போனதும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாத் துண்டுகளும் ஓரிடம் நகர்ந்துவிடும். ஒரே ஒரு பிழைக்கு நூறு துண்டுகளும் பொருந்தாது. பிரைமரி கீயின் மதிப்பைக் கொண்டு பிரித்தால் அந்தத் தொல்லை இல்லை. ‘ஐடி 1 முதல் 10 லட்சம் வரை’ என்ற எல்லை இரண்டு பக்கமும் ஒன்றுதான். உள்ளே எத்தனை வரிசைகள் இருந்தாலும் அடுத்த துண்டுக்கு அதன் பாதிப்பு போகாது. இந்த எளிய தேர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

மைஎஸ்கியூஎல்லில் ஒரு துண்டுக்கான கேள்வி இது:

```sql
SELECT COUNT(*), SUM(CAST(CONV(LEFT(MD5(
  CONCAT_WS('|', id, status, amount)), 15), 16, 10) AS UNSIGNED))
FROM orders
WHERE id >= 1 AND id < 1000001;
```

ஐடி 4,73,18,206-இல் மட்டும் தொகை மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் நூறு துண்டுகள், துண்டுக்குப் பத்து லட்சம் வரிசைகள். 48-வது துண்டு மட்டும் பொருந்தாது. அதை மறுபடி நூறாகப் பிரித்தால், 4,73,10,001 முதல் 4,73,20,000 வரையிலான துண்டு மாட்டும். இப்போது அந்தப் பத்தாயிரம் வரிசைகளை மட்டும் இறக்கி நேரடியாக ஒப்பிடலாம். ஒவ்வொரு சர்வரும் முதல் சுற்றில் டேபிள் முழுவதையும் ஒருமுறை படிக்கத்தான் வேண்டும், அதில் மிச்சம் எதுவும் இல்லை. இரண்டாம் சுற்று கூட்டுவது ஒரு சதவீதம்தான். மிச்சமாவது நெட்வொர்க். பத்துக் கோடி வரிசைகள் கடக்க வேண்டிய இடத்தில் இருநூறு விடைகளும் பத்தாயிரம் வரிசைகளும் மட்டுமே கடக்கின்றன.

வரிசைகளின் ஹாஷ்களை ஒன்றுசேர்ப்பதில் ஒரு பொறி உண்டு. `CRC32` எடுத்து, எல்லாவற்றையும் `BIT_XOR` செய்வது வேகமான வழி. ஆனால் ஒரே நீளமுள்ள இரண்டு வரிசைகளில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி மாற்றம் நடந்தால், இரண்டு சிஆர்சியும் அதே பிட்களில்தான் மாறும். எக்ஸார் செய்யும்போது அவை ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டு ஆர்டர்களின் நிலை 0-இலிருந்து 1 ஆனது கண்ணுக்கே படாமல் போய்விடும். ஒரே கோளாறு பல வரிசைகளை ஒரே மாதிரி மாற்றுவது வழக்கம் என்பதால் இதை அபூர்வம் என்று தள்ளிவிட முடியாது. அதனால்தான் மேலே `MD5` எடுத்துக் கூட்டியிருக்கிறேன். `CAST`-ஐ விட்டுவிடாதீர்கள். `CONV` தருவது எழுத்துத்தொடர். அதை அப்படியே கூட்டினால் மிதவைப் புள்ளி எண்ணாகி, கடைசி இலக்கங்கள் தொலைந்துவிடும். `NULL` வரக்கூடிய நெடுவரிசைகளுக்கு `IFNULL` கொண்டு ஒரு தனிக் குறி கொடுங்கள், ஏனெனில் `CONCAT_WS` அவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிப்போகும்.

வித்தியாசங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இந்த முறை அருமையாக வேலை செய்யும். டேபிள் முழுக்கச் சிதறியிருந்தால் தடுமாறும். நூறு வித்தியாசங்கள் துண்டுக்கு ஒன்றாகச் சிதறினால் முதல் சுற்று வீண், ஆனாலும் இறக்குவது பத்து லட்சம் வரிசைகள்தான். பத்தாயிரம் வித்தியாசங்கள் சீராகச் சிதறினால் எல்லாச் சிறு துண்டுகளும் மாட்டி, டேபிள் முழுவதையும் இறக்க வேண்டிவரும். டேபிளில் மாறியது பத்தாயிரத்தில் ஒன்றுதான் என்றாலும்!

முதல் சுற்றிலேயே நூறு துண்டுகளும் பொருந்தாமல், எண்ணிக்கை மட்டும் எல்லா இடத்திலும் பொருந்தினால், மேற்கொண்டு பிரிக்காமல் நிறுத்திவிடுங்கள். ஒரே ஐடியின் வரிசையை இரண்டு பக்கமும் எடுத்து, ஹாஷுக்குள் போகும் எழுத்துத்தொடரை அப்படியே அச்சிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் `10.5`, மறுபக்கம் `10.50` என்று இருக்கும். அல்லது ஒரு பக்கம் நேரத்தில் விநாடியின் பின்னம் வெட்டப்பட்டிருக்கும்.