நிறத்தைக் கடைசியில் ஏற்றும் உற்பத்தி: எப்போது மிச்சம், எங்கே சிக்கல்

டி-ஷர்ட்டைச் சாயமேற்றிய துணியில் தைக்காமல், வெளுத்த துணியில் தைத்து அடுக்கி வைத்துவிட்டு, ஆர்டர் வந்தபின் ஆடையாகவே சாயத்தில் போடும் முறை புதிதல்ல. இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் 1970களிலேயே பின்னலாடைகளில் இதைச் செய்தது. இதைக் கேட்டதுமே எல்லா நிறங்களையும் இந்த வழிக்கு மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரே அளவு டி-ஷர்ட், 8 நிறங்கள் என்று வைத்துக்கொள்வோம். நூல் வாங்கித் தைத்து முடிக்க 4 வாரம் ஆகிறது. அந்த 4 வாரத்தில் ஒவ்வொரு நிறத்தின் விற்பனையும் சராசரியிலிருந்து சுமார் 100 உருப்படி ஏறி இறங்குகிறது (திட்ட விலக்கம் 100). 100க்கு 95 முறை கையிருப்பு தீராமல் இருக்க, நிறம் ஒன்றுக்கு 1.65 × 100 = 165 உருப்படி கூடுதலாக வைக்க வேண்டும். 8 நிறத்துக்கு 1,320.

அதையே நிறமில்லாத ஒரே குவியலாக வைத்தால் விலக்கங்கள் நேராகக் கூடாது. ஒரு நிறம் ஏறும்போது இன்னொன்று இறங்கும். மொத்த விலக்கம் 100 × √8, அதாவது 283. 1.65ஆல் பெருக்கினால் சுமார் 467 போதும். பாதுகாப்பு இருப்பில் மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது.

ஆனால் நிறங்கள் ஒன்றையொன்று சாராமல் விற்றால்தான் இந்த 467. சீசன் களைகட்டினால் எல்லா நிறமும் சேர்ந்தே ஏறும், மந்தமானால் சேர்ந்தே இறங்கும் என்றால் கதை வேறு. நிறங்கள் எந்த அளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.5 இருந்தாலே மொத்த விலக்கம் 600க்குப் போய், தேவையான இருப்பு 990 ஆகிவிடும். மிச்சம் கால் பங்குதான். ஆடையாகச் சாயமேற்ற உருப்படிக்கு ஆகும் கூடுதல் செலவு அதை விழுங்கிவிடலாம். ஆகவே கடந்த சீசன்களின் வாராந்தர விற்பனையை நிறவாரியாக எடுத்து, இந்தக் கெழுவைக் கணக்கிட்ட பிறகே முடிவெடுங்கள். கறுப்பு போல ஓரளவு சீராக விற்கும் நிறத்தைத் துணியிலேயே சாயமேற்றித் தைப்பதுதான் மலிவு. எது ஓடும் என்று கணிக்க முடியாத நிறங்களுக்கு மட்டும் வெள்ளைக் குவியலை ஒதுக்கலாம்.

கணக்கு சரியாக வந்தும் தொழிற்சாலையில் காலை வாருவது பெரும்பாலும் அந்தக் குவியல்தான். வெளியே பார்க்க எல்லாம் ஒரே வெள்ளை. சாயத்தில் போட்டால் வேறு வேறு. பருத்தி நூலின் லாட், அதாவது ஒரே தடவையில் நூற்ற தொகுதி, மாறினால் சாயம் உறிஞ்சும் அளவும் மாறும். இரண்டு லாட் ஆடைகள் ஒரே தொட்டியில் போனால் இரண்டு ஷேடு வெளியே வரும். எனவே ஒவ்வொரு கட்டிலும் நூல் லாட் எண் இருக்க வேண்டும், ஒரு ஆர்டருக்கு ஒரே லாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். 467 உருப்படி மூன்று லாட்டாகச் சிதறிக் கிடந்தால், ஏட்டில் ஒரே குவியல், நடைமுறையில் மூன்று சிறு குவியல்கள். அந்த அளவுக்கு √8இன் பலனும் கரையும்.

தையல் நூலையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பாலியஸ்டர் நூலில் ஏறாது. கருநீல ஆடையில் தையல் மட்டும் வெள்ளையாகப் பல்லிளிக்கும். பருத்தி நூலால் தைக்க வேண்டும், அது சற்று வலுக்குறைவு என்பதால் தோள் தையலைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வெளுக்கும்போது ஒளிர்வெண்மை ரசாயனமோ சிலிக்கான் மென்மையாக்கியோ சேர்க்கக் கூடாது. முன்னது வெளிர் நிறங்களின் ஷேடைக் கெடுக்கும், பின்னது திட்டுத் திட்டாக ஏற வைக்கும்.

அடுத்தது சுருக்கம். சாயத்தில் நீளம் 6% சுருங்குமானால், முடிவில் 70 செ.மீ. வேண்டிய ஆடையை 70 ÷ 0.94, அதாவது 74.5 செ.மீ. நீளத்தில் தைக்க வேண்டும். அடர் நிறங்கள் அதிக நேரம் சூட்டிலும் அலசலிலும் கிடப்பதால் சுருக்கம் கூடலாம். ஆகவே மிக வெளிரிய நிறம், மிக அடர்ந்த நிறம் இரண்டிலும் மாதிரி போட்டுப் பாருங்கள். இரண்டும் அளவு வரம்புக்குள் வராவிட்டால் ஒரே வெட்டு எல்லா நிறத்துக்கும் பொருந்தாது. கழுத்து ரிப் உடல் துணியைவிட அதிகம் சுருங்கினால் கழுத்து சுருக்குப் பை போல இழுக்கும்.

கடைசியாக, சாய இயந்திரத்தின் கொள்ளளவு. 50 கிலோ இயந்திரத்தில் 200 கிராம் டி-ஷர்ட் 250 ஏறும். 60 உருப்படி ஆர்டருக்கு அதை ஓட்டினால் தண்ணீர், வெப்பம், ஆள்கூலி எல்லாம் அந்த 60இன் தலையில் விழும். பேட்ச் நிரம்பக் காத்திருந்தால் வாக்களித்த நாள் தவறும். சின்ன மாதிரி இயந்திரம் ஒன்றையும், உச்ச வாரத்துக்கென்று கொஞ்சம் காலி நேரத்தையும் வைத்துக்கொள்ளாமல் இம்முறையில் இறங்கக் கூடாது. வாடிக்கையாளர் காத்திருக்கத் தயாரான நாட்களைவிடச் சாயமேற்றி, உலர்த்தி, பேக் செய்ய அதிக நாள் ஆனால், அந்த இடைவெளிக்கு நிறமேற்றிய இருப்பும் சிறிதளவு வைத்தே ஆக வேண்டும்.