ஐந்து நிமிடத்தில் அறுந்துபோகும் இணைப்பு: இலவசத் தொலை இணைப்பு மென்பொருள் உங்களைச் சந்தேகித்தால்

வெளியூரில் இருக்கும் பெற்றோரின் கணினியை இங்கிருந்தே சரிசெய்ய டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற மென்பொருள்களைப் பலர் பயன்படுத்துகிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு இவை இலவசம். ஒருநாள் திடீரென்று "வணிகப் பயன்பாடு எனச் சந்தேகம்" என்று ஒரு செய்தி வரும், பிறகு இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும். கணினிப் பராமரிப்புத் தொழிலில் இருப்பதால் இந்தப் புகாரோடு என்னிடம் வருபவர்கள் அதிகம். "நான் காசு வாங்கவே இல்லையே" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் காசு வாங்கினீர்களா என்பது மென்பொருளுக்குத் தெரியாது. எந்தக் கணினி எந்தக் கணினியோடு பேசுகிறது என்பதுதான் அதற்குத் தெரியும்.

டீம்வியூவரை வைத்தே சொல்கிறேன், நான் அதிகம் கையாண்டது அதைத்தான். உறவினருக்கோ நண்பருக்கோ சும்மா உதவுவது, வெளியூரில் இருந்து உங்கள் வீட்டுக் கணினியைத் திறப்பது இவை சொந்தப் பயன்பாடு. வீட்டில் இருந்து அலுவலகக் கணினியோடு இணைவது வணிகப் பயன்பாடு, அது ஐந்து நிமிட வேலையாக இருந்தாலும் சரி. சக ஊழியருக்கு உதவுவதும், சர்வரைக் கவனிப்பதும் அப்படித்தான். தொண்டு நிறுவனத்துக்குச் சம்பளம் வாங்காமல் செய்யும் உதவியையும் அவர்கள் வணிகக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

எதை வைத்துச் சந்தேகம் வருகிறது என்பதை நிறுவனம் முழுதாக வெளியிடுவதில்லை. வெளியிட்டால் ஏமாற்றுபவர்களுக்கு அதுவே வழிகாட்டியாகிவிடும் என்பதால் அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் என் அனுபவத்தில் சிக்கும் கணினிகளுக்குள் ஒற்றுமை உண்டு. விண்டோஸ் சர்வர் இயங்கும் கணினியோடு இணைந்தது, அலுவலக நெட்வொர்க்கில் சேர்ந்த மடிக்கணினியில் இருந்து இணைந்தது, குறுகிய காலத்தில் பல வேறு கணினிகளோடு இணைந்தது ஆகிய மூன்றில் ஒன்றாவது இருக்கும்.

செய்தி இரண்டு படிகளில் வரும். முதலில் Commercial use suspected என்று எச்சரிக்கை மட்டும் வரும், வேலை தொடரும். அடுத்து Commercial use detected. அதன்பிறகு இணைப்பு ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் அறுந்துவிடும். உடனே மறுபடி முயன்றால் Connection blocked after timeout என்று தடுக்கும், கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். முதல் எச்சரிக்கையை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் காரணத்தைத் தேடவேண்டிய நேரம் அதுதான்.

மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது பலரும் செய்யும் முதல் வைத்தியம். அது பலிக்காது. டீம்வியூவர் உங்கள் கணினிக்குத் தரும் ஐடி எண் அதன் வன்பொருள் விவரங்களோடு கட்டப்பட்டது, மறுபடி நிறுவினாலும் பெரும்பாலும் அதே எண்தான் திரும்ப வரும், சந்தேகமும் கூடவே வரும். அப்புறம் "ஐடி மாற்றித் தரும்" கருவிகள் என்று இணையத்தில் உலவுகின்றன. அவற்றைத் தொடவே தொடாதீர்கள். நிர்வாகி உரிமை கொடுத்துத்தான் அவற்றை இயக்க முடியும். யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலுக்கு, வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியின் முழுச் சாவியையும் கொடுப்பதாக அது ஆகிவிடும். "கஸ்டமர் கேர்" எண்ணைத் தேடி அழைப்பதும் ஆபத்து. தேடலில் வரும் போலி எண்ணுக்குப் பேசினால், எதிர்முனையில் இருப்பவர் கேட்பதே உங்கள் ஐடியையும் கடவுச்சொல்லையும்தான்.

அண்மையில் பார்த்த ஒரு குடும்பத்தின் கதை காரணத்தைத் தேடும் வழியைக் காட்டும். மகள் பெங்களூரில் வேலை செய்கிறார். மதுரையில் இருக்கும் அப்பாவின் கணினியை அவ்வப்போது சரிசெய்து கொடுப்பார். இணைப்பு ஐந்து நிமிடத்தில் அறுகிறது என்று அழைத்தார்.

"எந்த லேப்டாப்பில இருந்து இணைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் லேப்டாப்தான் சார், வீட்டுல வேற இல்லை."

முதல் காரணம் அங்கேயே கிடைத்தது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை, மறுமுனையையும் பார்க்க வேண்டும். டீம்வியூவர் நிறுவப்பட்ட கோப்புறையில், உள்ளே வந்த இணைப்புகளின் பட்டியல் ஒரு சாதாரண உரைக் கோப்பாக இருக்கும்:

```
C:\Program Files\TeamViewer\Connections_incoming.txt
```

நோட்பேடில் திறந்தால் யார், எந்த ஐடியில் இருந்து, எப்போது இணைந்தார் என்பது வரிசையாகத் தெரியும். அப்பாவின் கணினியில் அதைத் திறந்தபோது மகளின் ஐடியோடு இன்னும் சில ஐடிகள் இருந்தன. விசாரித்ததில் விஷயம் வந்தது. அப்பாவுடைய தம்பி மகன் இரண்டு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறார். அதற்கான டாலி மென்பொருள் அந்தக் கணினியில்தான் இருக்கிறது. கடைக்காரர்கள் பில் விவரங்களைப் பார்க்க அதோடு இணைகிறார்கள், அவரும் அங்கிருந்தே கடைக் கணினிகளுக்குப் போகிறார். அது அப்பட்டமான வணிகப் பயன்பாடு. அப்பாவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை, ஆனால் ஐடி கணினிக்கு உரியது, ஆளுக்கு அல்ல.

சந்தேகத்தை நீக்கக் கேட்கும் மறுசீரமைப்புக் கோரிக்கையை அனுப்பும் முன், அலுவலக மடிக்கணினி, கடை இணைப்புகள் இரண்டையும் அறுத்துவிடச் சொன்னேன். வரிசை முக்கியம். டீம்வியூவரின் அதிகாரப்பூர்வத் தளத்தில், சொந்தப் பயன்பாடுதான் என்று உறுதியளித்து ஐடிகளைக் குறிப்பிட்டு அனுப்பும் படிவம் இருக்கிறது. இரண்டு முனைகளின் ஐடியையும் எழுத வேண்டும், ஒன்றை மட்டும் எழுதினால் மற்றது பழையபடியே நிற்கும். பதில் வரச் சில நாட்கள் ஆகும். வணிக இணைப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும்போது கோரினால், விடுவித்தாலும் மறுபடி சிக்கும். அப்போது உங்கள் உறுதிமொழியும் பொய்யாகிவிடும்.

மகள் வீட்டுக்கென்று ஒரு பழைய மடிக்கணினியை ஏற்பாடு செய்துகொண்டார். டாலி கடைக்காரர்களின் சொந்தக் கணினிகளுக்குப் போனது. அதன்பிறகுதான் படிவம் அனுப்பப்பட்டது, இரண்டு ஐடிகளும் விடுவிக்கப்பட்டன.

காத்திருந்த நாட்களில் விண்டோஸில் இருக்கும் Quick Assist போதுமானதாக இருந்தது. கண்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். உதவுபவருக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அவர் தரும் குறியீட்டை அப்பா தட்டி, அனுமதி கொடுத்தால் சரி. மறுமுனையில் ஆள் இல்லாமல் இணைய முடியாது, அது இதன் வரம்பு. பெற்றோர் வீட்டுக்கு அந்த வரம்பே பாதுகாப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

கணக்கு எழுதுபவருக்கு நான் சொன்னது வேறு. அவர் செய்வது தொழில். உரிமம் வாங்கவேண்டும், அல்லது வணிகத்துக்கும் அனுமதி தரும் திறந்த மூல மென்பொருளான ரஸ்ட்டெஸ்க்கைத் தன் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ள வேண்டும். இரண்டாவது வழியில் உரிமச் செலவு இல்லை, ஆனால் சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இரண்டு கடைகளுக்கு அந்தச் சுமை தேவையில்லை என்று அவர் உரிமத்தையே தேர்ந்தெடுத்தார். போகும் முன், அப்பாவின் கணினியில் கடைக்காரர்களுக்காக வைத்திருந்த நிரந்தரக் கடவுச்சொல்லை அழித்துவிட்டுப் போகச் சொன்னேன். அது அங்கேயே இருந்தால் பழைய பழக்கத்தில் யாரோ ஒருவர் மறுபடி இணைவார், அப்பாவின் ஐடியும் மறுபடி சந்தேகப் பட்டியலுக்குப் போகும்.