ஒரு வோல்ட் பாட்டரியில் ஆறரை வோல்ட்: இடப்பக்கம் மூடும் வியாதி

தக்கலையில் மாலை வகுப்பு நடத்துகிறேன். எம்.எஸ்சி கணிதம் படிக்கும் பிள்ளைகளும் பொறியியல் பிள்ளைகளும் கலந்து வருவார்கள். சென்ற வாரம் லாப்லாஸ் உருமாற்றத்தின் நேர்மாறு காண்பதில் ஒரு சிறு தேர்வு வைத்தேன். பதினான்கு தாள்கள். பதினொன்றில் ஒரே தவறு, ஒரே வரியில்: தொகையீட்டுக் கோட்டை அரைவட்டம் போட்டு மூடும் வரியில். மழையில் நனைந்து குலசேகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பையனிடம், "மக்களே, ஏன் இடது பக்கம் மூடினாய்?" என்று கேட்டேன். தயங்காமல் பதில் வந்தது: "துருவங்கள் இடது பக்கம்தானே சார் இருக்கின்றன." எத்தனையாவது முறையாக இதைக் கேட்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேள்வி எளிமையானதுதான். ஒரு மெகாஓம் மின்தடையும் ஒரு மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக இருக்கின்றன. அவற்றின் பெருக்கம் ஒரு விநாடி. மின்தேக்கியில் தொடக்கத்தில் மின்னூட்டம் இல்லை. ஒரு வோல்ட்டை 2 விநாடிகளுக்குக் கொடுத்து, பிறகு உள்ளீட்டைச் சுழியாக்குகிறோம். மின்தேக்கியின் மின்னழுத்தத்துக்கு லாப்லாஸ் உருமாற்றம் இது:

```
F(s) = (1 - e^(-2s)) / (s(s+1))
```

இதன் நேர்மாறைக் கோட்டுத் தொகையீட்டால் காண வேண்டும். 1916-இல் இதைப் பற்றி எழுதிய பிராம்விச்சின் பெயரால் வழங்கும் சூத்திரம் அது:

```
f(t) = (1/(2πi)) ∫ e^(st) F(s) ds,   s = γ - i∞ முதல் γ + i∞ வரை
```

γ வழியாகச் செல்லும் செங்குத்துக் கோடு எல்லாத் துருவங்களுக்கும் வலப்புறம் இருக்க வேண்டும். இதுவரை பிள்ளைகள் சரி. அடுத்த வரியில்தான் விபத்து.

s = 0-இல் தொகுதியும் சுழியாவதால் அங்கே துருவம் இல்லை என்பதைப் பலர் சரியாகவே கண்டுபிடித்திருந்தார்கள். பாராட்டினேன். மிச்சமிருக்கும் ஒரே துருவம் s = -1. இடப்பக்கம் பெரிய அரைவட்டம் போட்டு மூடினார்கள், எச்சத்தைக் கண்டார்கள், எழுதினார்கள்:

```
f(t) = (e^2 - 1) e^(-t),   t > 0
```

அழகான விடை. பெட்டி கட்டி, கீழே இரட்டைக் கோடு வேறு. t = 0 போட்டுப் பாருங்கள்: 6.39. காலியாக இருந்த மின்தேக்கியில், ஒரு வோல்ட் பாட்டரியை இணைத்த கணத்திலேயே ஆறு வோல்ட்டுக்கு மேல்! இது உண்மையானால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்க வேண்டியதில்லை. பதினொரு பேரில் ஒருவருக்குக்கூடவா இது உறுத்தவில்லை?

இப்போது என்னை எரிச்சலூட்டும் இடத்துக்கு வருகிறேன். கோடு துருவங்களுக்கு வலப்புறம் இருப்பதால், துருவங்கள் எப்போதும் கோட்டுக்கு இடப்புறம்தான் இருக்கும். அது நாமே செய்த ஏற்பாடு. அதையே காரணமாகச் சொல்லி இடப்பக்கம் மூடினால் எல்லாக் கணக்கையும் இடப்பக்கம்தான் மூட வேண்டியிருக்கும். பக்கத்தைத் தீர்மானிப்பது துருவம் அல்ல. நமக்கு வேண்டியது கோட்டின் மீதான தொகையீடு மட்டுமே. அரைவட்டம் நாம் கடனாகச் சேர்த்துக்கொண்ட பாதை. ஆரம் பெருகும்போது அதன் பங்களிப்பு சுழியாகிறது என்று காட்டினால்தான் கடன் தீரும். காட்ட முடியாத பக்கத்தில் மூடினால் எச்சத் தேற்றம் தருவது கோட்டுத் தொகையீடு அல்ல, கோடும் வில்லும் சேர்ந்த கூட்டுத்தொகை.

வில் எங்கே சாகும்? அடுக்கைப் பார்க்க வேண்டும். e^(st)-இன் அளவு s-இன் மெய்ப்பகுதியைப் பொறுத்தது. t நேர்க்குறியாக இருந்தால் இடப்பக்கம் போகப் போக அது தேய்கிறது. F(s)-உம் வில்லின் மீது ஒரே சீராகச் சுழியை நெருங்கினால் ஜோர்டான் துணைத்தேற்றம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் நம் F(s)-க்குள் e^(-2s) ஒளிந்திருக்கிறது. அது e^(st)-உடன் சேரும்போது e^(s(t-2)) ஆகிறது. t = 1 என்று வையுங்கள். அடுக்கு -s. இடப்பக்கம் s = -10-இல் e^10, அதாவது 22,026. கீழே s(s+1) = 90. வகுத்தால் ஏறக்குறைய 245. s = -20-க்குப் போனால் பன்னிரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. இந்த வில்லையா சுழி என்று எழுதினீர்கள்?

ஆகவே 0 < t < 2 என்ற இடைவெளியில் மொத்தமாக எந்தப் பக்கமும் மூட முடியாது. ஒரு பகுதி இடப்பக்கம் தேய்கிறது, மற்றது வலப்பக்கம் தேய்கிறது. பிரித்துத்தான் ஆக வேண்டும். γ = 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி 1/(s(s+1)). பிரித்த உடனே s = 0 மறுபடி துருவமாகிவிடும், மறக்காதீர்கள். இதை இடப்பக்கம் மூடினால் 0-இல் எச்சம் 1, -1-இல் எச்சம் -e^(-t). கூட்டினால் 1 - e^(-t). இரண்டாம் பகுதியை வலப்பக்கம் மூட வேண்டும். அங்கே துருவமே இல்லை, பங்களிப்பு சுழி. t > 2 ஆனதும் அடுக்கு t-2 நேர்க்குறியாகிறது. இரண்டும் இடப்பக்கம் தேய்கின்றன, இப்போது பிள்ளைகளின் விடை சரியாகிறது.

```
f(t) = 1 - e^(-t),            0 < t < 2
f(t) = (e^2 - 1) e^(-t),      t > 2
```

t = 2-இல் இரண்டு வரிகளுமே 0.865 தருகின்றன. மின்தேக்கி அப்படித்தான் நடந்துகொள்ளும், குதிக்காது. ஆக, அவர்கள் எழுதியது பொய்யல்ல, பாதி உண்மை. பாதி உண்மைக்கு நான் பாதி மதிப்பெண்தான் போட்டேன், வீட்டில் சொல்லி அழ வேண்டாம்.

விடை எழுதிய பிறகு அரை நிமிடம் செலவழியுங்கள். s பெரிதாகும்போது s·F(s) எங்கே போகிறது என்று பாருங்கள். இங்கே அது சுழி, ஆகவே f(0+) சுழியாக வேண்டும். 6.39 என்று வந்தால் வில்லில் பொய் சொல்லியிருக்கிறீர்கள் என்று பொருள். கணக்கில் e^(-as) கண்ணில் பட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, t-ஐயும் a-ஐயும் ஒப்பிட்ட பிறகு வில்லை வரையுங்கள். 1/√s போன்றவை வந்தால் எதிர்மறை மெய்யச்சில் வெட்டு இருக்கிறது, சும்மா அரைவட்டம் போட்டு அதைத் தாண்ட முடியாது. அதற்குத் தனி வகுப்பே வேண்டும். தயவுசெய்து "வில் → 0" என்று காரணம் இல்லாமல் எழுதாதீர்கள். திருத்துகிறவனுக்கும் இரத்த அழுத்தம் உண்டு.

இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, பின்வரிசையில் மார்த்தாண்டத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், F(s)-க்கு உண்மையில் -1-இல் மட்டும்தானே துருவம்? கோட்டை -0.5-இல் வைத்தால் என்ன ஆகும்?" பதினான்கு தாள்களின் எரிச்சலும் அந்த ஒரு கேள்வியில் தணிந்தது. வைக்கலாம். அப்போது முதல் பகுதியை இடப்பக்கம் மூடினால் -1 மட்டுமே உள்ளே வரும்: -e^(-t). இரண்டாம் பகுதியை வலப்பக்கம் மூடும்போது 0 உள்ளே சிக்கிக்கொள்ளும். அது கடிகாரத் திசைச் சுற்று, அதற்கு ஒரு கழித்தல் குறி. 1 - e^(-2s)-இலுள்ள கழித்தல் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து +1. கூட்டினால் அதே 1 - e^(-t).