64 ஆயிரம்தானா லாபம்?

திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் ஒருவர் 50 லட்சத்துக்கு காம்பாக்டிங் மிஷின் வாங்கலாமா என்று கேட்டு வந்தார். செலவும் வரியும் போக வருடம் 14.75 லட்சம் கையில் நிற்கும். ஐந்து வருடம் ஓடும். அதற்குப் பிறகு மிஷினுக்கு விலை இல்லை என்று வைத்துக்கொண்டோம். இந்த மாதிரி ரிஸ்க்குக்கு அவர் எதிர்பார்த்தது 14 சதவீதம். கணக்குப் போட்டால் என்பிவி, அதாவது நிகர தற்போதைய மதிப்பு, ஏறக்குறைய 64,000 ரூபாய்.

"ஏனுங்க, 50 லட்சம் போட்டு அஞ்சு வருசத்துக்கு 64 ஆயிரம்தானா? எஃப்டி போட்டாலே மேல வருமே" என்றார். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

மிஷினுக்கு நீங்களே கடன் கொடுத்ததாக ஒரு பேரேடு எழுதிப் பாருங்கள். 50 லட்சத்துக்கு ஒரு வருட வட்டி 7 லட்சம், ஆக 57. அதில் 14.75 திரும்பி வந்தால் பாக்கி 42.25. அடுத்த வருடம் அந்த பாக்கிக்கு மறுபடி 14 சதவீதம். இப்படியே போனால் ஐந்தாம் வருடக் கடைசியில் அசலும் வட்டியும் முழுக்கத் தீர்ந்து 1.23 லட்சம் மிஞ்சும். அதன் இன்றைய மதிப்புதான் அந்த 64,000. மிச்சம் எதுவும் இல்லாமல் சரியாகத் தீர்ந்திருந்தால் என்பிவி பூஜ்யம். அப்போதும் போட்ட பணத்துக்கு 14 சதவீதம் வந்துவிட்டது, நஷ்டம் இல்லை.

ஆனால் பங்குதாரர் பக்கமிருந்து பார்க்க வேண்டும். அவருடையது குடும்ப கம்பெனி, 10,000 பங்குகள். இந்த மிஷினால் பங்குக்குக் கூடுவது 6 ரூபாய் 40 பைசா. பூஜ்யம் என்றால் அதுவும் இல்லை. ஷெட் நிறையும், பில் தொகை கூடும். பங்கின் மதிப்பு அங்கேயே நிற்கும்.

விதிப்படி பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஏற்கலாம். என் அனுபவத்தில், இவ்வளவு சின்ன எண்ணைப் பார்த்ததும் விட்டுப்போனது எது என்றுதான் முதலில் தேட வேண்டும். வருட வரவில் 19,000 ரூபாய் குறைந்தாலே இது மைனஸுக்குப் போய்விடும்.

தேடியதும் கிடைத்தது. பில் போட்டு 45 நாள் கழித்துத்தான் பார்ட்டி பணம் தருகிறார். அதனால் சுமார் 3 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். அது கடைசியில் திரும்பி வரும்தான். ஆனால் ஐந்து வருடம் முடங்கிக் கிடப்பதற்கான இன்றைய விலை 1.44 லட்சம். 64,000 கரைந்து, என்பிவி மைனஸ் 80,000 ஆனது.

சரி, 45 நாளுக்குப் பதில் அதில் பாதி நாளிலேயே பணம் வந்தால்? முடங்குவது ஒன்றரை லட்சம். என்பிவி மைனஸ் 8,000. கிட்டத்தட்ட பூஜ்யம்தான். "14 சதவீதம் வந்தால் எனக்குப் போதும்" என்றார் அவர். அப்படியென்றால் வாங்கலாம், ஆனால் அந்த கெடுவை பார்ட்டியிடம் எழுத்தில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள் என்றேன்.